ஆறாம் பக்கத்துக் குறிப்பு

பதினெட்டுப் பக்கத்தை ஒரு வரியாகச் சுருக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் வேலை பார்ப்பது திருவண்ணாமலையில், போளூர் ரோட்டில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில். பதவியின் பெயர் மனிதவள அலுவலர். மனிதர்களை நான் பார்ப்பது குறைவு. நாள் முழுக்கப் பார்ப்பது காகிதத்தைத்தான். நர்ஸ், லேப் டெக்னீஷியன், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று யாரை வேலைக்கு எடுத்தாலும், அவர் விண்ணப்பத்தில் எழுதியதெல்லாம் உண்மைதானா என்று விசாரிக்கச் சொல்லி சென்னையில் உள்ள ஓர் ஏஜென்சிக்கு அனுப்புவோம். அவர்கள் விசாரித்து, ஆளுக்கு ஓர் அறிக்கை அனுப்புவார்கள். அதைத்தான் நான் சுருக்குவேன்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் மொத்த முடிவு ஒரு வண்ணத்தில் இருக்கும். எல்லாம் சரி என்றால் பச்சை. சொன்னதற்கும் விசாரித்ததற்கும் ஒத்துவரவில்லை என்றால் சிவப்பு. ஏதாவது ஒன்றைச் சரிபார்க்கவே முடியவில்லை என்றால் மஞ்சள். அடுத்த பக்கங்களில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள்: அடையாள அட்டை, முகவரி, படிப்பு, நர்ஸ் என்றால் நர்சிங் கவுன்சில் பதிவு, முன்பு பார்த்த வேலை, பரிந்துரை சொன்னவர்களின் பேட்டி, கோர்ட் வழக்கு. முகவரிப் பகுதியில் வீட்டு வாசலின் புகைப்படம் கூட இருக்கும். பல வீட்டு வாசல்களை நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். கோலம் போட்ட வாசல், ஆடு கட்டிய வாசல், ஒருமுறை வாசலை மறைத்துக்கொண்டு நின்ற ஒரு கோபக்காரப் பெரியவர்.

இதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அதிலும் யாரும் வாயைத் திறந்து பேசாத ஓர் ஆங்கிலம். இதைப் படித்து, ஆளுக்கு ஒரு வரிசை, விசாரணைக்கு ஒரு கட்டம், கடைசிக் கட்டத்தில் முடிவு என்று ஒரே பக்கத்தில் போட்டு நிர்வாக அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் எதையும் படிப்பார். சேர்ந்த புதிதில் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"இந்த மஞ்சளுக்கு இன்னா மேடம் அர்த்தம்? எடுக்கலாமா, கூடாதா?"

"ஒரு விஷயம் சரிபார்க்க முடியலைனு அர்த்தம் சார். பொய்னு இல்ல. உண்மைனும் தெரியல."

"அப்ப நான் இன்னா பண்ணணும்? எடுக்கலாம்னா பச்சை போடுங்க, கூடாதுன்னா செகப்பு போடுங்க. நடுவுல எதுக்கு ஒரு கலரு? நான் கடைசிக் கட்டத்தைத் தான் பாப்பேன்."

அன்றோடு மஞ்சளை ஒழித்தேன். ஏஜென்சி மஞ்சள் கொடுத்தால், நானே படித்துப் பார்த்து, என் அறிவுக்கு எட்டியபடி பச்சையாகவோ சிவப்பாகவோ மாற்றிவிடுவேன். பெரும்பாலும் பச்சைதான். ஏனென்றால் மஞ்சள் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய முதலாளி ஃபோனை எடுக்காததுதான். வேலையை விட்டுப் போனவளைப் பற்றி யாராவது கேட்டால் எந்த முதலாளி ஆசையாக ஃபோனை எடுப்பான்? இதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஏஜென்சிக்காரனால் முடிவெடுக்க முடியாததை நான் முடிவெடுக்கிறேன் என்று. இத்தனைக்கும் என்னை வேலைக்கு எடுத்தபோது யாரும் எதையும் விசாரிக்கவில்லை. மருத்துவமனை முதலாளியின் மனைவியும் நானும் ஒரே பள்ளிக்கூடம். என் விசாரணை அவ்வளவுதான்.

இப்போது சொல்லப்போவது ஒரு பௌர்ணமி நாளில் தொடங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நான்கு நர்ஸ் இடம் காலி. ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, நான்கு பேருக்கு வேலைக் கடிதம் கொடுத்திருந்தோம், விசாரணை அறிக்கைக்கு உட்பட்டது என்ற வரியோடு. ஐந்தாவது ஆள் காத்திருப்பில். திங்கள்கிழமை சேர வேண்டும். அறிக்கைகள் வந்தது வெள்ளிக்கிழமை, அதுவும் பௌர்ணமி.

பௌர்ணமியன்று எங்கள் ஊரில் வேலை பார்ப்பது என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. ஊருக்குள் பஸ் வராது. நான் ஊர் எல்லையில் இறங்கி, மலை சுற்ற வந்த கூட்டத்துக்கு எதிர்த் திசையில் நடந்து, ஆபீஸுக்கு வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருந்தது. கீழே அவசரப் பிரிவில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்தவர்களும், வெயிலில் மயங்கினவர்களும் பெஞ்ச் பெஞ்சாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பதிவுச் சீட்டு எழுத ஆள் போதவில்லை என்று என்னையும் ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டார்கள். மேலே வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், நர்ஸுகள் ஐந்து, டிரைவர் இரண்டு, பில்லிங்குக்கு இரண்டு என்று ஒன்பது அறிக்கை. நிர்வாக அதிகாரி நாலு மணிக்குள் அட்டவணை கையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். அதை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

நர்ஸுகளில் மூன்றாவது அறிக்கை கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணுடையது. இருபத்தெட்டு வயது. பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் நான்கு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்ததாக எழுதியிருந்தாள். நேர்காணலில் பார்த்த அவளை எனக்கு ஞாபகம் இருந்தது. வென்டிலேட்டர் பற்றி எங்கள் டாக்டர் கேட்ட கேள்விக்கு, கேள்வியில் இருந்த தப்பை மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பதில் சொன்னவள். அவள் அறிக்கை மஞ்சள். முன் வேலைப் பகுதியில் பெங்களூர்க்காரர்கள் பதில் தரவில்லை. வழக்கமான கதை. பச்சை போட்டுவிட்டுப் போக இருந்தேன். அப்போதுதான் ஆறாம் பக்கத்தில், முகவரிப் பகுதியின் அடியில், சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டுப் பெண்மணி சொன்னது என்று போட்டிருந்தார்கள். இந்தப் பெண் பிறந்ததிலிருந்து இங்கேதான் வசிக்கிறாள், நன்னடத்தை உடையவள், எங்கும் வேலைக்குச் சென்றதில்லை, வீட்டோடு இருப்பவள்.

எனக்கு உடம்பே சிலிர்த்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது சந்தோஷம். இத்தனை வருடத்தில் நான் பிடித்த முதல் பெரிய மீன். எங்கும் வேலைக்குச் சென்றதில்லை! பழைய மருத்துவமனை பதில் தராததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. அப்படி ஒருத்தி அங்கே இருந்தால்தானே பதில் தருவார்கள்? ஏஜென்சிக்காரன் கோட்டைவிட்டதை நான் பிடித்துவிட்டேன். முன் வேலைக் கட்டத்தில் "வேலைக்குச் சென்றதே இல்லை, விசாரணையில் தெரிந்தது" என்று அடித்தேன். கடைசிக் கட்டத்தில் சிவப்பு. மற்ற கட்டங்களை முதல் பக்கத்தில் இருந்த சுருக்கப் பட்டியலைப் பார்த்துக் கடகடவென்று நிரப்பினேன். அடையாளம் சரி, முகவரி சரி, படிப்பு சரி, கவுன்சில் பதிவு சரி, பரிந்துரை சரி, வழக்கு இல்லை. நாலு மணிக்கு அட்டவணை அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

நிர்வாக அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிவப்பைப் பார்த்தார். "நாலு வருஷம் வேலை பாத்தேன்னு சொன்னாளே! எவ்ளோ தைரியம் பாருங்க. நல்ல வேளை, நீங்க பாத்தீங்க." காத்திருப்பில் இருந்த ஐந்தாவது பெண்ணுக்குக் கடிதம் தயார் செய்யச் சொன்னார். நாளைக் காலையில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு, கூட்டம் ஜாஸ்தியாவதற்குள் வீட்டுக்குக் கிளம்பினார். நான் அந்தக் கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணுக்கு ஃபோன் செய்து, உங்கள் நியமனம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். காரணம் கேட்டாள். காரணம் சொல்லும் வழக்கம் இல்லை என்றேன். "சரிங்க மேடம்" என்றாள். வீட்டுக்குப் போகும்போது என் மேல் எனக்கே மரியாதை கூடியிருந்தது.

மறுநாள் காலை நான் ஆபீஸுக்கு வருவதற்கு முன்பே அவள் வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"காரணம் சொல்ல மாட்டீங்கன்னு சொன்னீங்க மேடம். பரவாயில்ல. எந்த விஷயம் சரியில்லைனு மட்டும் சொல்லுங்க. அதுக்கு உண்டான பேப்பர நான் காட்டறேன்."

"அதெல்லாம் எங்க நிர்வாகத்தோட முடிவும்மா."

"நான் பெங்களூர்ல ரிசைன் பண்ணிட்டு, ஹாஸ்டல் காலி பண்ணிட்டு வந்துட்டேன் மேடம். எங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் வரல. அம்மாவால தனியா தூக்கிப் படுக்க வெக்க முடியல. இங்க இருந்து நான் வீட்டுக்கு முக்கா மணி நேரத்துல போயிடுவேன். இது இல்லைன்னா மறுபடியும் பெங்களூருக்குத் தான் போவணும். அங்கயும் என் எடத்துக்கு ஆள் எடுத்துட்டாங்க."

அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழுகிறவர்களைச் சமாளிக்கும் வாசகங்கள் என்னிடம் நிறைய உண்டு. இவள் அழவில்லை. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தக் காகிதத்தை எடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. நான்கு வருடம் வேலை பார்த்ததாகப் பொய் சொல்லிவிட்டு எவ்வளவு நிதானம் என்று.

"நீ எந்த பேப்பர வேணா காட்டுவம்மா. உங்க தெருவுலயே விசாரிச்சிருக்காங்க. நீ வேலைக்கே போனது கிடையாதாம். வீட்டோட இருக்கியாம்."

சொல்லியிருக்கக்கூடாது. வாய் தவறியது. அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"நீல கேட் வூட்டு அக்கா" என்றாள். "அவங்க தான் மேடம். வேற யாரும் அப்பிடிச் சொல்ல மாட்டாங்க."

அவள் சொன்னதை நான் இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். சுருக்குவது என் தொழில். இரண்டு வருடமாக அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வந்தவர்கள் எல்லாம் பெண் பெங்களூரில் தனியாக இருக்கிறாள், அதிலும் நைட் டூட்டி பார்க்கிறாள் என்று தெருவில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியாக வந்த இடம் ஏறக்குறைய முடிந்துவிட்ட இடம். அதுவும் நீல கேட் வீட்டு அக்கா வெள்ளந்தியாக, 'பொண்ணு ராப்பகலா டூட்டி பாக்குது, கெட்டிக்காரி' என்று சொன்னதால்தான் கெட்டது. அந்த அக்காவுக்கு அது பெரிய உறுத்தல். இனி யார் வந்து கேட்டாலும் பெண் வீட்டோடு இருப்பவள் என்றே சொல்வது என்று அன்றிலிருந்து அவள் கெட்டியாக ஒரு முடிவெடுத்துவிட்டாள்.

"பேண்ட் சட்டை போட்டுக்கினு, பைக்ல வந்து, கையில ஃபைல் வெச்சிக்கினு, இந்தப் பொண்ணு எப்டி, எவ்ளோ நாளா இங்க இருக்குது, இன்னா பண்ணுதுனு கேட்டா, எங்க ஊர்ல அது ஒண்ணே ஒண்ணு தான் மேடம், மாப்பிள்ளை வூட்டு விசாரணை" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை; வரக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். சிவப்பு என்னுடையதல்லவா? உங்கள் அக்காவுக்கு ஃபோன் போடு, நீ பேசாதே, நான் பேசுகிறேன் என்றேன். என் ஃபோனில் அவள் அக்காவின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி மேசை மேல் வைத்தாள்.

"வணக்கங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணப் பத்தி விசாரிக்கலாம்னு..." என்று நான் தொடங்கியதுதான்.

"சொல்லுங்கம்மா, சொல்லுங்க! தங்கமான பொண்ணு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது. சமையல்லாம் ஒண்டியாவே செஞ்சிடும். வேலை கீலைனு எங்கியும் போனது கெடையாது. வூட்ட விட்டு வெளிய வரதே கம்மி. போன மாசம் கூட ஒருத்தர் வந்து கேட்டாரு, இதே தான் சொன்னேன். அவரு உங்க ஆளுங்க தானே? நல்லா எழுதிக்கினாரு."

எதிரில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன், வேலை கொடுப்பதற்காக விசாரிக்கிறோம், வேலைக்குப் போனதில்லை என்று நீங்கள் சொன்னதால் வேலை நின்றுபோயிருக்கிறது என்றேன். ஃபோனில் ஒரு மூச்சு உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.

"அய்யய்யோ. ஆஸ்பத்திரியா? அந்த ஆளு சொல்லவே இல்லியேம்மா. நாலு வருசமா பெங்களூர்ல ஒழைச்சிக் கொட்டுதும்மா அந்தப் பொண்ணு. ராத்திரில கண்ணு முழிச்சு முழிச்சு கண்ணுக்குக் கீழ கருப்பு பூத்துப் போச்சு. நான் நல்லதுக்குத் தானே சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஏம்மா, நீயா இருந்தா இன்னா சொல்லியிருப்ப?" என்றாள்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரியும். சொல்லியும் இருக்கிறேன். இரண்டு மாதம் முன்னால் எங்கள் தெருவில் ஒரு பெண்ணைப் பற்றி வேலூரிலிருந்து வந்தவர்கள் என்னிடம் விசாரித்தார்கள். அவள் ஆசிரமம் பக்கம் ஒரு காஃபி ஷாப்பில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆர்டர் எடுக்கிற வேலையில் இருக்கிறாள், நல்ல சம்பளம், நல்ல பெண். நான் வாய் கூசாமல், "டீச்சர் ட்ரெய்னிங்குக்குப் படிச்சிட்டு இருக்காங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வெளிய பாக்கவே முடியாது" என்று சொல்லி அனுப்பினேன். கல்யாணம் நிச்சயமாகி, எனக்கு ஜாக்கெட் துணியோடு தாம்பூலம் வந்தது.

அவளைக் கீழே கேன்டீனில் காபி குடிக்கச் சொல்லிவிட்டு, அறிக்கையைத் திறந்து பதினெட்டுப் பக்கத்தையும் முதல்முறையாகப் படித்தேன். ஆறாம் பக்கத்தில் முகவரி விசாரணையின் முடிவு பச்சை. சொன்ன முகவரியில் இந்தக் குடும்பம் இருக்கிறது, அவ்வளவுதான் அந்தப் பக்கத்தின் வேலை. பக்கத்து வீட்டுக்காரி சொன்ன மற்றதெல்லாம் கூடுதலாக எழுதிக்கொண்டது. ஒன்பதாம் பக்கம், முன் வேலை. மூன்று முறை மின்னஞ்சல், இரண்டு முறை ஃபோன், பதில் இல்லை, சரிபார்க்க முடியவில்லை. பொய் என்று அங்கே ஓர் எழுத்து இல்லை. பதின்மூன்றாம் பக்கத்தில் பரிந்துரைப் பேட்டி. பெங்களூரில் அவளுடைய வார்டுப் பொறுப்பாளராக இருந்த சிஸ்டர் பேசியிருந்தார். நான்கு வருடம் என் கீழ் வேலை பார்த்தாள், பெரும்பாலும் இரவு ஷிப்ட், மறுபடி கிடைத்தால் நாளைக்கே எடுத்துக்கொள்வேன். அந்தப் பேட்டியைத்தான் நான் என் பக்கத்தில் "பரிந்துரை சரி" என்று போட்டிருந்தேன்.

என் வரிசையை எடுத்துப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் வேலைக்கே சென்றதில்லை என்று இருந்தது. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில், அவள் நான்கு வருடம் பார்த்த வேலைக்கான பாராட்டு, சரி என்று இருந்தது. இரண்டையும் ஒரே கையால், ஒரு நிமிட இடைவெளியில் நான் அடித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி திட்டியிருப்பேன்.

ஆனாலும் கடைசி முயற்சியாக ஏஜென்சியின் உள்ளூர் ஆளுக்கு ஃபோன் செய்து பழியை அங்கே தள்ளப் பார்த்தேன். மாவட்டம் முழுக்க பைக்கில் சுற்றுகிறவர் அவர்.

"மேடம், அட்ரஸ் கன்ஃபார்ம் பண்றது தான் என் வேலை. அந்தம்மா கேக்காமலே எல்லாம் சொன்னாங்க, ரிமார்க்ஸ்ல போட்டேன். அட்ரஸுக்குப் பச்சை தானே குடுத்தேன்? மொத்த ரிப்போர்ட்டும் மஞ்சள் தானே? செகப்புனு நாங்க எங்கயாவது போட்டுருக்கமா?"

போடவில்லை. நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

அப்புறம் செய்ததைத்தான் முந்தின நாளே செய்திருக்க வேண்டும். அவளைக் கூப்பிட்டு, முன் வேலையைச் சரிபார்க்க முடியவில்லை, வேறு என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டேன். பெங்களூரில் வேலையை விட்டபோது கொடுத்த விடுவிப்புக் கடிதம் கோப்பில் இருந்தது. அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்தான் நேற்று ஒரு ஆளை முடித்திருந்தேன். கடிதத்தை யாரும் அடித்துக் கொண்டுவரலாம் என்பதால், வருங்கால வைப்பு நிதியின் தளத்தில் அவள் கணக்கை என் முன்னாலேயே திறந்து காட்டச் சொன்னேன். பெங்களூர் மருத்துவமனையின் பெயரில் நான்கு வருடமும் மாதம் தவறாமல் பதிவாகியிருந்தது. சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் விண்ணப்பத்தோடு பொருந்தின. அதையெல்லாம் ஏஜென்சிக்கு அனுப்பி, இதை வைத்து முன் வேலையைத் திரும்பப் பாருங்கள் என்று எழுதினேன்.

நிர்வாக அதிகாரியின் மேசையில் ஐந்தாவது பெண்ணுக்கான கடிதம் கையெழுத்துக்காக இருந்தது. நானே வைத்த கடிதம். அவர் பேனாவை எடுத்திருந்தார். சார், ஒரு நிமிஷம் என்று உள்ளே போய்ச் சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்து வீடு, மாப்பிள்ளை, பைக், வைப்பு நிதி என்று நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப அந்தச் செகப்பு யார் போட்டது? ஏஜென்சியா, நீங்களா?"

ஏஜென்சியின் குழப்பம் என்று ஆரம்பிக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அதைச் சொன்னால் நம்பியிருப்பார். அவர்தான் கடைசிக் கட்டத்துக்கு மேல் படிக்க மாட்டாரே.

"நான் தான் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். "ஏஜென்சி இன்னா கலர் குடுத்தான்?" என்றார். மஞ்சள் என்றேன். "அது ஏன் என் பேப்பர்ல இல்ல?"

நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது போலும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "சரி, போடுங்க" என்றார். "மஞ்சள் வந்தா நான் இன்னா பண்ணணும்?"

"படிக்கணும் சார்."

"பதினெட்டுப் பக்கத்தையுமா?"

"எது சரிபார்க்க முடியலையோ அது எந்தப் பக்கத்துல இருக்குனு நான் பக்க எண் போடறேன். அந்தப் பக்கத்தை மட்டும் படிச்சா போதும்."

மற்ற எட்டு அறிக்கைகளையும் திரும்பப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். புதிய பக்கத்தில் ஒவ்வொரு கட்டத்திலும், ஏஜென்சி என்ன சொன்னதோ அதை மட்டும், எந்தப் பக்கம் என்ற எண்ணோடு எழுதினேன். முகவரிக் கட்டத்தில் முகவரி, வேலைக் கட்டத்தில் வேலை. என் யூகத்துக்குக் கட்டம் கிடையாது. அப்படிப் பார்த்ததில், நான் கருணையோடு பச்சை போட்டிருந்த இரண்டு, மஞ்சளாக மாறின. அதில் ஒரு டிரைவருடைய ஓட்டுநர் உரிமமே இன்னும் சரிபார்க்கப்படவில்லை. ஆம்புலன்ஸ் சாவியை நான் கொடுத்திருப்பேன்.

கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணின் வரிசையில் முன் வேலைக் கட்டத்தில் இப்படி எழுதினேன்: ஏஜென்சியால் சரிபார்க்க முடியவில்லை, பக்கம் 9, வைப்பு நிதிப் பதிவு நேரில் பார்க்கப்பட்டது, தேதிகள் பொருந்துகின்றன, பரிந்துரை உறுதி செய்கிறது, பக்கம் 13. கடைசிக் கட்டத்தில் மஞ்சள். நிர்வாக அதிகாரி அந்த இரண்டு பக்கங்களையும் எடுத்து வரச் சொல்லி, உதடு அசைய அசையப் படித்தார். "இந்த சிஸ்டர் நல்லா சொல்லியிருக்காங்களே" என்றார், நான் ஏதோ ஒளித்து வைத்திருந்தது போல. ஐந்தாவது பெண்ணின் கடிதத்தைக் கிழித்து, என் கையில் கொடுத்து, "சேரச் சொல்லுங்க" என்றார்.

திங்கள்கிழமை அவள் வந்து சேர்ந்தாள். புதன்கிழமை ஏஜென்சியிடமிருந்து திருத்திய அறிக்கை வந்தது, முழுப் பச்சை. அதில் கையெழுத்து வாங்க மறுநாள் காலை அவளை மேலே கூப்பிட்டேன். யூனிஃபார்மில் வந்து நின்றாள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முந்தின நாளே ஒத்திகை பார்த்திருந்தேன். கேட்கவும் கேட்டேன். கொஞ்சம் விறைப்பாகத்தான் வந்தது. எனக்குப் பழக்கம் இல்லை.

"பரவாயில்ல மேடம்" என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றாள். "மேடம், அந்தப் பழைய ரிப்போர்ட் இருக்குதா? அக்கா சொன்னது போட்டுருக்குமே, அந்தப் பேஜு."

"இருக்கு. ஏன், அதை எடுத்துடணுமா? எடுக்க முடியாதும்மா. கோப்புல இருக்கணும்."

"எடுக்க வேணாம் மேடம். எனக்கு ஒரு காப்பி கெடைக்குமா?"

எனக்குப் புரியவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை செங்கத்துல இருந்து பொண்ணு பாக்க வராங்க" என்றாள். "சீல் எல்லாம் போட்டு, விசாரிச்சு எழுதினதுனு இருக்குது இல்ல. எங்கியும் வேலைக்குப் போனதில்ல, வீட்டோட இருக்கறவ. எங்க அம்மா அதைக் காட்டணும்னு ஆசைப்படறாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஃபோட்டோகாப்பி மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தன்னைப் பற்றிய அறிக்கையைக் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. நான் மறுப்பதற்கு விதி எதுவும் இல்லை. ஆறாம் பக்கத்தை நகல் எடுத்து, இரண்டாக மடித்துக் கொடுத்தேன். அவள் அதை யூனிஃபார்ம் பையில் வைத்துக்கொண்டு, மணியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்கிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். அந்த வாரம் அவளுக்கு நைட் டூட்டி.